பழைய மேனேஜரிடம் "ஆள் எப்படி?" என்று கேட்காதீர்கள்

டர்பனில் ஒரு மளிகை மொத்த வியாபாரக் கிடங்கில் ஆள் எடுக்கிற பொறுப்பு என்னுடையது. சில வருடங்களுக்கு முன்னால் ஸ்டாக் சூப்பர்வைசர் வேலைக்கு ஒருவரை எடுத்தோம். சிவி நன்றாக இருந்தது, நேர்காணலிலும் நன்றாகப் பேசினார். பழைய மேனேஜருக்கு போன் போட்டு "ஆள் எப்படிங்க?" என்று கேட்டேன். "நல்ல பையன், நேரத்துக்கு வருவான், பிரச்சினையே இல்லை" என்றார். நாலு நிமிடத்தில் பேச்சு முடிந்தது. நானும் பேப்பரில் ஒரு டிக் போட்டேன்.

மூன்றாவது மாதம் ஸ்டாக் எண்ணியபோது கணக்கில் இருந்ததும் ரேக்கில் இருந்ததும் ஒத்துப்போகவில்லை, ஏன் என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. உட்கார வைத்துப் பேசியபோதுதான் விஷயம் வந்தது. பழைய இடத்தில் மாதக் கடைசி எண்ணிக்கையை வெளியிலிருந்து வந்த ஒரு குழு செய்திருக்கிறது, இவர் சாவியைக் கொடுத்துவிட்டு நின்றிருக்கிறார். அங்கே இவருக்குக் கீழே மூன்று பேர், நாங்கள் கொடுத்தது 14 பேர். அவர் பொய் சொல்லவில்லை, பழைய மேனேஜரும் பொய் சொல்லவில்லை. நான் கேட்கவே இல்லை, அவ்வளவுதான்.

ரெஃபரன்ஸ் விசாரிப்பதில் நான் பார்த்த தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒன்றுக்குள் அடங்கிவிடும். ஆளைப் பற்றி விசாரிக்கிறோம், வேலையைப் பற்றி விசாரிப்பதில்லை. "நேர்மையானவரா?", "பொறுப்பானவரா?", "டீமோடு ஒத்துப்போவாரா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்? பழைய மேனேஜருக்கு நம்மோடு எந்த உறவும் இல்லை, அந்த ஆளோடு ஒருவேளை இருக்கலாம், அடுத்த வாரம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கல்யாணத்தில் நேருக்கு நேர் பார்க்கவும் வேண்டியிருக்கும். குணத்தைப் பற்றிக் கேட்டால் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு போனை வைப்பதுதான் அவருக்கு வசதி. நடந்ததைப் பற்றிக் கேட்டால் அந்த வசதி கிடைக்காது.

அதனால் இப்போது நான் போனை எடுப்பதற்கு முன்னால் ஒரு தாளில் அந்த வேலையில் உண்மையிலேயே தலைவலி தரும் மூன்று சம்பவங்களை எழுதுகிறேன். ஸ்டாக் சூப்பர்வைசருக்கு என்றால், மாதக் கடைசி எண்ணிக்கை ஒன்று, கடைக்காரர் "சரக்கு குறைவாக வந்தது" என்று திருப்பி அனுப்புவது ஒன்று, விடிகாலையில் லோடிங் இடத்தில் டிரைவர் சத்தம் போடுவது ஒன்று. கேள்விகள் இந்த மூன்றிலிருந்து தானாகவே பிறக்கும். "உங்களிடம் எண்ணிக்கை எத்தனை நாளைக்கு ஒரு முறை? அதில் இவர் செய்த பங்கு என்ன? வித்தியாசம் வந்தால் முதலில் யாரிடம் போவார்?" இதற்கு "நல்ல பையன்" என்று பதில் சொல்ல முடியாது பாருங்கள்.

இன்னொரு கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள்: "மறுபடி இவரை வேலைக்கு எடுப்பீர்களா?" நல்ல கேள்விதான், ஆனால் பதிலை அப்படியே எடுத்துக்கொள்வதுதான் தவறு. "எடுப்பேன்" என்றால் "எந்த வேலைக்கு?" என்று உடனே கேட்க வேண்டும். டெலிவரி பார்க்க எடுப்பேன், ஆட்களை மேய்க்க எடுக்கமாட்டேன் என்று ஒருவர் எனக்குச் சொல்லியிருக்கிறார், நான் எடுக்க இருந்ததோ ஆட்களை மேய்க்க. "எடுக்கமாட்டேன்" என்றாலும் காரணம் கேளுங்கள், விலகிப் போனவர்களைத் திரும்ப எடுப்பதில்லை என்று அந்த நிறுவனத்தில் ஒரு விதியே இருக்கலாம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருப்பதும் ஒரு கலை. அந்தச் சங்கடமான மௌனத்தை நாமே "ஆமாம், அவர் நல்ல உழைப்பாளிதான் இல்லையா" என்று நிரப்பிவிட்டால் எதிரில் இருப்பவர் தப்பித்துவிடுவார்.

சரி, யாரிடம் கேட்கிறோம் என்பதும் இருக்கிறது. சிவியில் கொடுத்திருக்கும் செல்போன் எண்ணுக்கு நேராகக் கூப்பிடுகிறோம், மறுமுனையில் பேசுபவர் மேனேஜரா, பக்கத்து மேசைக்காரரா, மச்சானா என்று எப்படித் தெரியும்? நான் நிறுவனத்தின் பொது எண்ணை நானே தேடி எடுத்துக் கூப்பிட்டு அந்த மேனேஜரின் பெயரைச் சொல்லி இணைக்கச் சொல்கிறேன். அவர் வேலை மாறிப் போயிருந்தால் எந்த வருடம் வரை அங்கே என்ன பதவியில் இருந்தார் என்பதை மட்டும் அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு, பிறகு செல்போனுக்குப் போகிறேன். முதல் கேள்வியும் அவரைப் பற்றியதுதான்: "இவர் உங்களிடம் நேரடியாக ரிப்போர்ட் செய்தாரா, எவ்வளவு காலம்?" இரண்டு மாதம் மட்டும் பார்த்தவர் சொல்வதற்கும் மூன்று வருடம் கூடவே இருந்தவர் சொல்வதற்கும் ஒரே எடை கிடையாது.

இங்கே நம் ஆட்களுக்கே உரிய தவறு ஒன்று உண்டு. காவடி நாளில் கோயில் பந்தலில் அன்னதான வரிசையில் நிற்கும்போது "அண்ணே, உங்க கம்பெனியிலிருந்து ஒரு பெண் எங்களிடம் வந்திருக்கிறாள், எப்படி?" என்று காதைக் கடிப்பது. டர்பன் தமிழர்களிடையே ஒருவரை ஒருவர் தெரியாமல் இருப்பது கஷ்டம், அதனால் இது ரொம்ப சுலபமாக நடந்துவிடும். அந்தப் பெண் இன்னும் அங்கேதான் வேலை செய்கிறாள், தான் வெளியே தேடுவதை மேலாளரிடம் சொல்லவில்லை என்றால், நாம் ஒரு வாக்கியத்தில் அவளுடைய சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டோம். தென்னாப்பிரிக்காவில் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், எல்லோரும் போபியா என்று சொல்வது, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் இருக்கிறது. யாரிடமெல்லாம், எதைப் பற்றிக் கேட்கப் போகிறோம் என்று விண்ணப்பதாரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிட்டால் சண்டையே வராது. இப்போது வேலை செய்யும் இடத்துக்கு மட்டும், நாம் வேலை தருவதாகச் சொல்லி அவரும் சரி என்ற பிறகு கூப்பிடுவது என் வழக்கம். இன்னொன்று, நம்மிடம் இருக்கும் தன்னைப் பற்றிய தகவலைக் கேட்டுப் பெறும் உரிமையும் அந்தச் சட்டத்தில் அவருக்கு உண்டு. அதனால் போன் பேசும்போது கிறுக்கும் குறிப்பில் "வாயாடி போல" என்றெல்லாம் எழுதாதீர்கள், சொன்னதை மட்டும் சொன்னபடி எழுதுங்கள்.

கேட்கவே கூடாதவையும் இருக்கின்றன. கர்ப்பமா, எந்தச் சர்ச், எந்தக் கோயில், உடம்புக்கு என்ன, தொழிற்சங்கத்தில் இருந்தாரா. 1998-இன் வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டம் வேலைக்கு விண்ணப்பித்தவரையும் பாகுபாட்டிலிருந்து காக்கிறது, தொழிற்சங்கம் பற்றித் தொழிலாளர் உறவுச் சட்டம் தனியாகவே சொல்கிறது. நேரடியாகக் கேட்காமல் "லீவு நிறைய எடுப்பாரா?" என்று சுற்றி வளைப்பவர்கள் உண்டு, பதிலில் நோய் தானாக வந்து விழும். முன்கூட்டிச் சொல்லாமல் வராமல் இருந்தது உண்டா என்று மட்டும் கேட்டால் போதும், வேலைக்குத் தேவையானது அதுதான்.

பெரிய நிறுவனங்கள் பல, சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இவ்வளவுதான் சொல்வோம் என்று முடித்துக்கொள்ளும். "எதையோ மறைக்கிறார்கள்" என்று முடிவு கட்டுவது அநியாயம், அவர்கள் எல்லோருக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்த விவரங்களைச் சரிபார்க்க நமக்கு வேறு வழியும் இருக்கிறது. 1997-இன் அடிப்படை வேலை நிபந்தனைகள் சட்டத்தின் 42-ஆம் பிரிவுப்படி, வேலையை விட்டுப் போகிறவருக்கு முதலாளி பணிச் சான்றிதழ் தர வேண்டும். சேர்ந்த, விலகிய தேதிகள், கடைசியாகப் பார்த்த வேலை, கடைசிச் சம்பளம் எல்லாம் அதில் இருக்கும். விலகிய காரணம் மட்டும் ஊழியரே கேட்டால்தான் எழுதப்படும், ஆக சான்றிதழில் காரணம் இல்லையே என்று புருவத்தை உயர்த்தாதீர்கள்.

இனி அந்த ஸ்டாக் சூப்பர்வைசர் வேலைக்கே இரண்டாம் முறை ஆள் தேடிய கதை. இந்த முறை விண்ணப்பித்தவர் ஒரு பெண், ஃபீனிக்ஸ் பக்கம். முன்னாள் மேனேஜர் இருவரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டேன், இல்லையென்றால் இரண்டு பதில்களையும் ஒப்பிட முடியாது. ஒவ்வொரு பேச்சும் 20 நிமிடம் போல.

முதல் மேனேஜர் எண்ணிக்கையைப் பற்றிப் பாராட்டிவிட்டு, "ஒன்றே ஒன்று, பிரச்சினையைச் சொல்ல லேட் பண்ணுவாங்க" என்றார். பழைய நான் அங்கேயே அந்தப் பெண்ணின் பெயரை அடித்திருப்பேன், அல்லது காதில் விழாத மாதிரி அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். இரண்டும் ஒரே தவறுதான். "அப்படி நடந்த ஒரு தடவையைச் சொல்லுங்களேன்" என்றேன். மல்லி மூட்டை 9 குறைந்தது, இரண்டு நாள் தானே தேடிவிட்டு மூன்றாம் நாள்தான் அவரிடம் வந்திருக்கிறார். மூட்டைகள் வேறு ரேக்கில் இருந்தன. "அது அவர் சேர்ந்து எவ்வளவு காலத்தில்?" முதல் மூன்று மாதத்துக்குள். "அப்புறம் திரும்ப நடந்ததா?" கொஞ்சம் யோசித்தார். "இல்லை, நான் ஒரு தடவை கத்தினேன், அதோடு சரி."

"லேட் பண்ணுவாங்க" என்பது பழக்கம் மாதிரி ஒலித்தது, தோண்டியபோது ஒரே ஒரு சம்பவம். இரண்டாவது மேனேஜர் அதற்குப் பிறகு அவரோடு வேலை பார்த்தவர். முதலாமவர் சொன்னதை அவரிடம் நான் சொல்லவில்லை, சொன்னால் அவர் பதில் அதன் பக்கம் சாய்ந்துவிடும். வித்தியாசம் வந்தால் என்ன செய்வார் என்று பொதுவாகவே கேட்டேன். "அன்றைக்கே மெயில் வந்துவிடும், சில நாள் அளவுக்கு மீறி வரும்" என்று சிரித்தார்.

கடைசியாக அந்தப் பெண்ணிடமே கேட்டேன். யார் சொன்னார் என்று சொல்லவில்லை, வித்தியாசத்தை மேலே சொல்லத் தாமதமான அனுபவம் உண்டா என்று மட்டும். பலர் இந்தக் கட்டத்தைத் தவிர்த்துவிடுகிறார்கள், ஒருவரைப் பற்றி மூன்றாம் மனிதர் சொன்னதை வைத்து அவருக்கே தெரியாமல் முடிவெடுத்துவிடுகிறார்கள். அவர் மல்லிக் கதையைத் தயங்காமல் தானே சொன்னார். எவ்வளவு குறைந்தால் எப்போது சொல்ல வேண்டும் என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை, தானே கண்டுபிடித்துவிட்டால் மேனேஜருக்குத் தொந்தரவு இருக்காது என்று நினைத்தாராம்.

எங்கள் கிடங்கிலும் அப்படி ஒரு விதி இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் சேர்ந்த திங்கட்கிழமை காலையிலேயே இருவரும் உட்கார்ந்து எழுதினோம்: இரண்டு மூட்டைக்கு மேல் வித்தியாசம் வந்தால் மாலை நாலு மணிக்குள் எனக்கு மெசேஜ். முதல் மெசேஜ் புதன்கிழமையே வந்தது, உளுந்து மூன்று மூட்டை.