பழைய வாடிக்கையாளர் குழம்பாமல் இன்ஸ்டாகிராம் பக்கத்தின் பெயரை மாற்றுவது எப்படி?

என் அண்ணி ஐந்து வருடமாக இன்ஸ்டாகிராமில் மதுரை சுங்குடிச் சேலை விற்கிறார். பக்கத்தின் பெயரிலேயே சுங்குடி இருந்தது. நெகமம் பருத்தியும் செட்டிநாட்டுக் கண்டாங்கியும் வந்து சேர்ந்ததும், ஒவ்வொரு படத்துக்கும் கீழே "இதுவும் சுங்குடியா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பெயரை மாற்றினோம். அப்போது கற்றதை வரிசையாகச் சொல்கிறேன். பழைய பெயரை `sungudi_anni` என்றும் புதியதை `anni_pudavai` என்றும் வைத்துக்கொள்வோம்.

இதற்காகப் புதுக் கணக்கு தொடங்க வேண்டாம். இருக்கிற கணக்கிலேயே பெயரை மாற்றினால் ஃபாலோயர்கள், பதிவுகள், பழைய சாட் எல்லாம் அப்படியே இருக்கும். அறுந்துபோவது பழைய பெயரில் இருக்கும் லிங்க்தான்.

1. பழைய பெயர் எங்கெல்லாம் இருக்கிறது என்று எழுதுங்கள்

பில் புத்தகம், கவரில் ஒட்டும் ஸ்டிக்கர், விசிட்டிங் கார்டு, வாட்ஸ்அப் பிசினஸ் புரொஃபைல், கூகுள் மேப் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பலர் தவறவிடுவது இன்ஸ்டாகிராம் க்யூஆர் கோடு. அதற்குள் இருப்பது பழைய பெயர் கொண்ட முகவரி என்பதால், அச்சடித்த கார்டை ஸ்கேன் செய்பவர் உங்களிடம் வந்து சேரமாட்டார். புதிதாக அச்சடித்தே ஆக வேண்டும்.

2. பழையதில் ஒன்றை விட்டுவையுங்கள்

எங்கள் பெயரில் 'அண்ணி' என்ற சொல்லை வேண்டுமென்றே வைத்துக்கொண்டோம். ஆனால் ஒரு தவறும் செய்தோம்: பெயரை மாற்றிய அன்றே வட்டப் படத்தையும் மாற்றிவிட்டோம். ஃபீடில் போகிறவர் கண்ணில் படுவது அந்தச் சின்ன வட்டமும் பெயரும் மட்டும்தான். இரண்டும் ஒரே நாளில் மாறினால், 'இவரை நான் எப்போது ஃபாலோ செய்தேன்?' என்று விலகிவிடுகிறார். மூன்றாம் நாள் பழைய படத்தையே திரும்ப வைத்தோம். ஒரு மாதம் கழித்துத்தான் புதியதைப் போட்டோம்.

3. பத்து நாள் முன்பே சொல்லத் தொடங்குங்கள்

பழைய பெயர், புதிய பெயர் இரண்டும் இருக்கும் ஒரு படத்தைப் பதிவிட்டு மேலே பின் செய்யுங்கள். ஸ்டோரி ஒரு நாளில் மறைந்துவிடும், அதனால் இரண்டு நாளுக்கு ஒருமுறை திரும்பப் போடுங்கள். வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்டை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவருக்குத்தான் அது போகும். அடிக்கடி வாங்குபவர்களுக்குத் தனித்தனியாகவே அனுப்புங்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் இந்த வேலையே வேண்டாம்.

4. மாற்றும் நாள்

`Edit profile` போய் `Username`-ஐ மாற்றுங்கள். அதற்கு மேலே உள்ள `Name` வேறு. தேடலில் அதுவும் கணக்கில் வரும் என்பதால் அங்கே "அண்ணி புடவை | சுங்குடி" என்று வைத்தோம். பழைய பெயரைத் தேடுபவருக்கும் நாம் அகப்படுவோம். `Name`-ஐ 14 நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், எழுத்துப்பிழை பார்த்துச் சேமியுங்கள். பயோவின் முதல் வரி "முன்பு sungudi_anni" என்று இருக்கட்டும்.

புதிய பெயரை முன்கூட்டியே வேறொரு கணக்கில் பிடித்து வைக்காதீர்கள். விட்டுக்கொடுத்த பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்ள அந்தக் கணக்குக்குப் பொதுவாக 14 நாள் அவகாசம் உண்டு. அதனால் விட்ட உடனே உங்கள் பெரிய கணக்குக்கு அது கிடைக்காமல் போகலாம்.

5. பழைய பெயரைக் காப்பாற்றுங்கள்

அதே 14 நாள் கணக்கு உங்கள் பழைய பெயருக்கும் பொருந்தும். அதன் பிறகு யார் வேண்டுமானாலும் அதை எடுத்து, உங்கள் படங்களைப் போட்டு, முன்பணம் வாங்கலாம். எனக்குப் பெரிய பயம் இதுதான். ஒரு சிறு கணக்கு தொடங்கி, பழைய பெயர் கிடைக்கிறதா என்று மாற்றிய அன்றே பாருங்கள். கிடைக்காவிட்டால் 15-ஆம் நாள் மறுபடி பாருங்கள். கிடைத்ததும் "இப்போது anni_pudavai" என்று ஒரே ஒரு பதிவு போட்டு விட்டுவிடுங்கள்.

6. பணம் அனுப்பும் இடம்

புதுப் பெயரைப் பார்த்துக் குழம்பியவர், யுபிஐயில் வங்கிக் கணக்கில் உள்ள பெயர் வந்ததும் நின்றுவிடுவார். அவர் பயப்படுவது சரிதான். அதனால் ஆர்டரை உறுதிசெய்யும் செய்தியிலேயே எழுதிவிடுங்கள்: "எண் மாறவில்லை அக்கா. பணம் அனுப்பும்போது எப்போதும் வரும் அதே பெயர்தான் வரும். வேறு பெயர் வந்தால் அனுப்பாதீர்கள்."

7. எப்போது முடிந்தது என்று தெரியும்?

மாற்றுவதற்கு முந்தைய இரண்டு வாரங்களில் எத்தனை பேர் விலகினார்கள் என்பதை இன்சைட்ஸில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிந்தைய இரண்டு வாரங்களோடு ஒப்பிடுங்கள். முதல் சில நாள் கொஞ்சம் கூடுவது இயல்பு. இரண்டாம் வாரமும் இறங்காவிட்டால் அறிவிப்பு எட்டவில்லை என்று அர்த்தம், மூன்றாம் படியைத் திரும்பச் செய்யுங்கள். அதைவிட நம்பகமான அடையாளம் "இது பழைய சுங்குடி பேஜ்தானே?" என்று இன்பாக்ஸில் வரும் கேள்வி. எங்களுக்கு அது நிற்க ஏறக்குறைய இரண்டு மாதம் ஆனது. அப்புறம்தான் பயோவிலிருந்து "முன்பு" என்ற வரியை எடுத்தோம்.