3x − 5 என்ற சார்பை வைத்து ஒரு எப்சிலான்–டெல்டா நிரூபணம், மெதுவாக

x ஆனது 4-ஐ நெருங்கும்போது 3x − 5 இன் எல்லை 7. இதைத்தான் நிரூபிக்கப் போகிறோம். x-க்கு 4-ஐப் போட்டாலே 12 − 5 = 7 வந்துவிடுகிறதே, இதில் நிரூபிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் எல்லை என்பது x = 4 இல் சார்பின் மதிப்பு என்ன என்பதைப் பற்றியதே அல்ல, 4-க்கு அக்கம்பக்கத்தில் அது எப்படி நடந்துகொள்கிறது என்பதைப் பற்றியது. அங்கே சார்பு வரையறுக்கப்படாமலேகூட இருக்கலாம்.

முதலில் வரையறையைப் பார்த்துவிடுவோம், பயப்பட வேண்டாம், ஒவ்வொரு துண்டாகப் பிரித்துக்கொள்ளலாம்.

```
ஒவ்வொரு ε > 0-க்கும் ஏதேனும் ஒரு δ > 0 உண்டு;
0 < |x − 4| < δ எனில் |(3x − 5) − 7| < ε
```

|x − 4| என்பது x-க்கும் 4-க்கும் இடையே உள்ள தூரம். அதேபோல |(3x − 5) − 7| என்பது சார்பின் மதிப்புக்கும் 7-க்கும் இடையே உள்ள தூரம். மட்டு மதிப்பைக் கண்டாலே தூரம் என்று வாசித்துப் பழகுங்கள், பாதி குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். இடப்பக்கம் இருக்கும் 0 < என்பது x = 4 ஆக இருக்கக் கூடாது என்று சொல்கிறது, அவ்வளவுதான்.

இதை இரண்டு பேர் ஆடும் ஆட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிராளி ஒரு ε சொல்கிறார்: "உன் விடை 7-இலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும்." நீங்கள் பதிலுக்கு ஒரு δ தர வேண்டும்: "x-ஐ 4-இலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் வைத்துக்கொள், நீ கேட்டது கிடைக்கும்." அவர் எவ்வளவு சின்ன ε சொன்னாலும் உங்களிடம் பதில் இருந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். முதலில் பேசுவது அவர், அப்புறம்தான் நீங்கள். இந்த வரிசை மாறினால் எல்லாமே மாறிவிடும்.

ஒரு ε-க்கு முயன்று பார்ப்போம்

எதிராளி 0.6 என்கிறார். அப்படியென்றால் 3x − 5 ஆனது 6.4-க்கும் 7.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் 5-ஐக் கூட்டினால் 3x ஆனது 11.4-க்கும் 12.6-க்கும் இடையில், மூன்றால் வகுத்தால் x ஆனது 3.8-க்கும் 4.2-க்கும் இடையில். ஆக x, 4-இலிருந்து 0.2 தூரத்துக்குள் இருந்தால் போதும், அதாவது δ = 0.2. சோதித்துப் பார்க்க x = 3.9 போடுங்கள்: 11.7 − 5 = 6.7, இதற்கும் 7-க்கும் உள்ள தூரம் 0.3, அது 0.6-ஐ விடக் குறைவு. சரி.

ஆனால் அவர் அடுத்து 0.06 என்பார், அதன் பிறகு 0.0006 என்பார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் எந்தக் காலத்திலும் முடியாது. எந்த ε வந்தாலும் அதிலிருந்து நேராக δ-வைத் தரும் ஒரு சூத்திரம் வேண்டும்.

தனித்தாளில் செய்யும் வேலை

இந்தப் பகுதி விடைத்தாளில் வராது, ஆனால் உண்மையான வேலை இங்கேதான் நடக்கிறது. நமக்கு வேண்டிய முடிவிலிருந்து பின்னோக்கிப் போகிறோம்.

```
|(3x − 5) − 7| = |3x − 12| = |3(x − 4)| = 3|x − 4|
```

சார்பின் பக்கத்துத் தூரம், x-இன் பக்கத்துத் தூரத்தைப் போல சரியாக மூன்று மடங்கு. அந்த 3 எங்கிருந்து வந்தது? கோட்டின் சாய்விலிருந்து. அந்தத் தூரம் ε-ஐ விடக் குறைவாக இருக்க வேண்டும் என்றால் 3|x − 4| < ε, அதாவது |x − 4| < ε/3. இப்போது δ-வுக்கு என்ன எடுக்க வேண்டும் என்று தானாகவே தெரிகிறது: δ = ε/3. மேலே ε = 0.6-க்கு 0.2 வந்ததும் இதே கணக்குதான்.

சுத்தமாக எழுதும் நிரூபணம்

தனித்தாளில் பின்னோக்கிப் போனோம், இப்போது அதையே முன்னோக்கி எழுத வேண்டும்.

ε > 0 கொடுக்கப்பட்டிருக்கட்டும். δ = ε/3 என்க. ε மிகை எண் ஆகையால் δ > 0. இப்போது 0 < |x − 4| < δ எனக் கொள்வோம். அப்போது

```
|(3x − 5) − 7| = 3|x − 4| < 3δ = 3 · (ε/3) = ε
```

நிரூபணம் முடிந்தது. ஐந்தாறு வரிதான். ε/3 எங்கிருந்து குதித்தது என்று இதை வாசிப்பவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. பாடப்புத்தகத்தில் இதைப் பார்த்துவிட்டு மந்திரம் போல இருக்கிறதே என்று பலர் மிரள்வதற்குக் காரணம், அந்தத் தனித்தாளை யாரும் அச்சடிப்பதில்லை.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. நிரூபணத்தையே |(3x − 5) − 7| < ε என்று தொடங்கிவிடுவார்கள். அது நாம் காட்ட வேண்டிய முடிவு, அதையே உண்மை என்று வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் எதையும் காட்டியதாக ஆகாது. நீங்கள் எழுதியதில் |x − 4| < δ என்பது எங்கே பயன்பட்டிருக்கிறது என்று தேடிப் பாருங்கள், அப்படி ஒரு இடமே இல்லையென்றால் ஏதோ தவறு.

சரி, சாய்வை மறந்துவிட்டு δ = ε என்று எடுத்தால்? ε = 0.6 என்றே வைத்துக்கொள்வோம். x = 4.5 என்பது 4-இலிருந்து 0.5 தூரத்தில்தான் இருக்கிறது, ஆகவே δ-வுக்குள் வருகிறது. ஆனால் 3(4.5) − 5 = 8.5, 7-இலிருந்து 1.5 தூரம் தள்ளிப் போய்விட்டது. மாறாக δ = ε/10 என்று தேவைக்கு மேல் சின்னதாக எடுத்தால் ஒரு கெடுதலும் இல்லை, நிரூபணம் அப்படியே நிற்கும். ஒரு δ வேலை செய்தால் அதைவிடச் சிறிய எல்லா மிகை எண்ணும் வேலை செய்யும்.

தவறான எல்லையைக் கொடுத்தால் என்ன ஆகும்

இதைப் பார்க்காமல் விட்டால் வரையறையின் பலம் புரியாது. எல்லை 8 என்று யாரோ சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அதே வேலையைச் செய்தால்

```
|(3x − 5) − 8| = |3x − 13| = |3(x − 4) − 1|
```

x, 4-ஐ விடக் கொஞ்சம் குறைவாக இருந்தால் 3(x − 4) குறை எண், அதிலிருந்து இன்னும் 1-ஐக் கழிக்கிறோம், ஆகவே தூரம் 1-ஐத் தாண்டிவிடும். இப்போது எதிராளி ε = 0.5 என்று சொன்னால் போதும். நீங்கள் எவ்வளவு சின்ன δ கொடுத்தாலும் அதற்குள் 4-க்கு இடப்பக்கம் எண்கள் இருக்கத்தான் செய்யும், அவற்றில் ஒவ்வொன்றும் உங்களைத் தோற்கடிக்கும். 8 எல்லை அல்ல என்பதற்கு இந்த ஒரு ε-ஏ போதுமான சான்று.

சாய்வு குறை எண்ணாக இருந்தால் மட்டு மதிப்பை மறக்காதீர்கள். x, 1-ஐ நெருங்கும்போது 5 − 2x இன் எல்லை 3. இங்கே |(5 − 2x) − 3| = |−2||x − 1| = 2|x − 1|, ஆகவே δ = ε/2. −ε/2 என்று எழுதினால் δ > 0 என்ற நிபந்தனையே உடைந்துவிடும். சாய்வு பூச்சியம் என்றால் சார்பு மாறிலி, தூரம் எப்போதும் 0, எந்த மிகை δ-வும் சரிதான்.

நேர்கோட்டில் இது இவ்வளவு சுலபமாக முடிவதற்கு, |x − 4|-க்கு முன்னால் நிற்பது வெறும் எண் என்பதே காரணம். x² இன் எல்லை 16 என்று காட்டப் போனால் |x − 4||x + 4| வரும், δ = ε/|x + 4| என்று எழுதக் கை துறுதுறுக்கும், அது செல்லாது. δ-வைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் x என்று ஒன்று இன்னும் வரவே இல்லை, அதனால் δ-வில் ε இருக்கலாம், x இருக்கக் கூடாது. அங்கே முதலில் |x − 4| < 1 என்று கட்டுப்படுத்தி |x + 4| < 9 என்று பிடித்துக்கொண்டு, பிறகு 1, ε/9 இரண்டில் சிறியதை δ-வாக எடுக்க வேண்டும்.