கால்வட்டக் கதவில் நீர்விசை: மையத்தை வைத்துச் சரிபாருங்கள்

கடலூரில் டிப்ளமோ சிவில் படிக்கும் தங்கைக்கு நேற்று சொல்லிக்கொடுத்தது இது. கால்வட்டக் கதவின் ஆரம் 2 மீட்டர், அகலம் 1 மீட்டர். வட்ட மையம் நீர்மட்டத்தில், நீர் குழிந்த பக்கம்.

கிடைவிசைக்கு வளைவை மறந்துவிடுங்கள். அதன் செங்குத்து நிழலான 2×1 செவ்வகம் போதும்: நீரின் அலகு எடை 9.81 × செவ்வக மையத்தின் ஆழம் 1 × பரப்பு 2 = 19.62 கிலோநியூட்டன், நீர்மட்டத்துக்கு 1.333 மீட்டர் கீழே. செங்குத்து விசை, வளைவின் மேல் நிற்கும் நீரின் எடை: 30.82 கிலோநியூட்டன் கீழ்நோக்கி, மையத்திலிருந்து 4R/3π = 0.849 மீட்டர் தள்ளி.

நீர் குவிந்த பக்கம் இருந்தால்தான் பலரும் தடுமாறுகிறார்கள். மேலே நீரே இல்லையே என்று பூஜ்யம் போடாதீர்கள். அதே இடத்தில் நீர் இருப்பதாகக் கற்பனை செய்து அதன் எடையை மேல்நோக்கிப் போடுங்கள்.

சரி, விடை சரியா? அழுத்தம் எங்கும் ஆரத்தின் வழியே போவதால் மொத்த விசை, 36.5 கிலோநியூட்டன், மையம் வழியாகத்தான் போக வேண்டும். அப்படியானால் மையத்தைச் சுற்றி இரு விசைகளின் திருப்புத்திறனும் சமமாகி ஒன்றையொன்று நீக்க வேண்டும்: 19.62×1.333, 30.82×0.849 இரண்டும் 26.16 வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் பெரும்பாலும் 4R/3π தூரத்தைத் தவறான விளிம்பிலிருந்து அளந்திருப்பீர்கள்.