ரசீதை அழிக்க ஒரு பட்டன் கொடுத்தேன்

பெங்களூரில் அல்சூர் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்குக் கட்டண வசூல் ஆப் எழுதிக் கொடுத்தேன். முதல் வடிவத்தில் ஒவ்வொரு மாணவனுக்கும் ‘நிலுவை’ என்று ஒரே ஒரு எண்ணை வைத்திருந்தேன். பணம் வந்தால் அதிலிருந்து கழியும், அவ்வளவுதான். ஜூனில் பள்ளி திறந்த முதல் வாரமே அது சிரிப்பாய்ச் சிரித்தது.

ஒரு பையனுக்கு முதல் பருவக் கட்டணம் 24,000 ரூபாய். அவன் அம்மா 10,000-க்குக் காசோலை கொடுத்தார். ரசீது எண் 412 போனது, நிலுவை 14,000 ஆனது. மூன்று நாளில் காசோலை திரும்பிவிட்டது. பள்ளிக் கவுன்ட்டரில் பணம் வாங்கும் அம்மா, “சார், அந்த ரசீத டெலீட் பண்ண ஒரு பட்டன் குடுங்க” என்றார். கேட்டதும் கொடுத்துவிட்டேன். பட்டன் ரசீதை அழித்தது. ஆனால் ரசீது போட்டபோது கழித்த பத்தாயிரத்தைத் திரும்பக் கூட்டவில்லை. பையனின் அம்மா பிறகு யுபிஐ-யில் 10,000 கட்டினார், நிலுவை 4,000 என்று காட்டியது. அவருக்குப் போன நினைவூட்டலிலும் அதே 4,000. உண்மையில் அவர் கட்ட வேண்டியது 14,000. அந்த மாத வங்கிக் கணக்கோடு ஒப்பிட்ட பிறகுதான் பிடிபட்டது. அதற்குள் ரசீது வரிசையில் 411-க்கு அடுத்து 413 நின்றது. 412 இருந்ததற்கு ஒரே சாட்சி, பையனின் அம்மா கையிலிருந்த தாள்.

நிலுவையை ஓர் எண்ணாகச் சேமிக்கவே கூடாது. நம் ஊர் மளிகைக் கடை பற்று வரவு நோட்டு மாதிரி நடந்ததை எல்லாம் வரி வரியாக எழுத வேண்டும். கூட்டிப் பார்த்தால் வருவதுதான் நிலுவை:

```
03-06  முதல் பருவக் கட்டணம்    +24000
03-06  காசோலை, ரசீது 412       -10000
06-06  காசோலை திரும்பியது      +10000
08-06  யுபிஐ, ரசீது 437        -10000
       நிலுவை                   14000
```

எந்த வரியையும் திருத்தவோ அழிக்கவோ முடியாது. தவறு நடந்தால் அதற்கு எதிர்வரிதான் போட வேண்டும். ரசீது 412 ‘ரத்து’ என்ற முத்திரையோடு, காரணத்தோடு அங்கேயே இருக்கும். ஆன்லைன் பணத்துக்கும் இதே நோட்டுதான். ஆனால் ஆன்லைன் பணத்தை வாங்கித் தரும் கேட்வே ஒரே தகவலை இரண்டு முறை அனுப்பும் வழக்கம் உண்டு. அதனால் அதன் பணப்பரிமாற்ற எண் ஏற்கெனவே நோட்டில் இருந்தால் இரண்டாவதை எழுதக்கூடாது. பெற்றோரின் போனில் ‘வெற்றி’ என்று வந்ததை நம்பியும் ரசீது போடக்கூடாது. கேட்வேயின் சர்வர் உறுதி செய்த பிறகே போட வேண்டும்.

ரசீதில் மொத்தத் தொகையை மட்டும் அச்சிட்டால் மார்ச்சில் வரிசையாக ஆட்கள் வந்து நிற்பார்கள். பழைய வருமான வரி முறையில் கழிவு கேட்பவர்களுக்கு டியூஷன் கட்டணம்தான் செல்லும். பஸ் கட்டணமும் நன்கொடையும் செல்லாது. எனவே தலைப்பு வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். பாதிப் பணம் வந்தால் எந்தத் தலைப்பில் முதலில் வரவு வைப்பது என்பதைப் பள்ளியிடம் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுங்கள்.

நினைவூட்டலில் நான் செய்த தவறு வேறு. இரவே பட்டியல் எடுத்து வைத்துக் காலையில் எஸ்எம்எஸ் அனுப்பினேன். இரவு 11 மணிக்குக் கட்டியவருக்கும் காலையில் ‘இன்னும் கட்டவில்லை’ என்று போனது. அந்தக் கோபத்தை வாங்கிக் கட்டிக்கொண்டவர் பள்ளி வாசல் காவலாளி, பாவம். இப்போது அனுப்பும் நொடியில் நோட்டைப் பார்க்கிறோம். காசோலை வங்கியில் இருந்தால் அந்தத் தொகைக்கு நினைவூட்டல் நிறுத்தி வைக்கப்படும்.

தமிழிலோ கன்னடத்திலோ அனுப்புவதாக இருந்தால் செலவையும் முன்பே கணக்கிடுங்கள். ஆங்கில எஸ்எம்எஸ்ஸில் 160 எழுத்து கொள்ளும், நம் எழுத்துகளில் 70 மட்டுமே. அதிலும் ‘கொ’ என்பது ஓர் எழுத்தாக அல்ல, இரண்டாக எண்ணப்படும். தாண்டினால் இரண்டு செய்திக் கட்டணம். வாசகத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் டிஎல்டி தளத்தில் பதிந்து ஒப்புதல் வாங்காமல் அனுப்பவும் முடியாது. எனவே வாசகத்தைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள்.

ஆப்பில் எந்தப் பணியாளர் எதைச் செய்யலாம் என்பதில் பெரிய ஓட்டை, அலுவலகம் முழுக்க ஒரே லாகின். ‘office’ என்ற பெயரில் ரத்து செய்தது யார் என்று எந்தப் பதிவும் சொல்லாது. ஆளுக்கு ஒன்று கொடுங்கள். கவுன்ட்டரில் இருப்பவர் பணம் வாங்கலாம், ரசீது போடலாம், ரத்து செய்யக் கோரலாம். ஒப்புதல் தருபவர் கணக்காளர். சலுகை கொடுப்பது தலைமையாசிரியர் மட்டும். வகுப்பாசிரியருக்கு நிலுவைத் தொகையைக் காட்டவே வேண்டாம். காட்டினால் அது ஒரு நாள் வகுப்பில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப்படும்.

கவுன்ட்டர் அம்மாவுக்கு இந்த ஒப்புதல் ஏற்பாடு முதலில் பிடிக்கவில்லை. “என்ன சார், என் மேல சந்தேகமா?” என்றார். அடுத்த மாதம் ஒரு பெற்றோர் பணமாகவே கட்டியதாகச் சாதித்தபோது, அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த நாளில் அந்த மாணவன் பெயரில் ஒரு வரியும் இல்லை, ரத்து செய்யப்பட்டதாகவும் எதுவும் இல்லை.