ஒரு பழமொழி, இரண்டு நிமிட நாடகம், மைக் பிடித்த பெரியவர்

பள்ளி ஆண்டு விழாவுக்காக மண்டபம், பாம்பன் பக்கத்துப் பிள்ளைகளோடு பழமொழி நாடகம் எழுதும்போது நான் முதலில் செய்த தவறு, ‘காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்’ எல்லோருக்கும் புரிந்த பழமொழி என்று எண்ணியதுதான். கச்சானும் வாடையும் பார்த்து வளர்ந்த அந்தப் பிள்ளைகளுக்குக் காற்று என்றால் கடற்காற்றுதான். ஒருவன் பாய்மரத்தை வரைந்து கொண்டுவந்தான். தூற்றுவது என்றால் புறம் பேசுவது என்று இன்னொருத்தி சொன்னாள், அந்தப் பொருளும் அச்சொல்லுக்கு உண்டு என்பதால் அவளைக் குறை சொல்ல முடியவில்லை.

இந்தப் பழமொழி பிறந்த இடம் நெற்களம். திருவாடானைப் பக்கம் கதிரடித்த பிறகு களத்தில் குவிந்திருக்கும் பொலியைச் சுளகில் அள்ளி, தலைக்குமேல் உயர்த்தி மெல்லச் சரிப்பார்கள். பதரையும் தூசியையும் காற்று தள்ளிக்கொண்டு போக, கனமான நெல் நேரே கீழே விழும். அறுவடை இயந்திரம் வந்த பிறகு அங்கேயே இக்காட்சி அரிதாகிவிட்டது. ஆனாலும் அதை அப்படியே மேடையில் நடித்துக் காட்டுவது பயன் தராது, ஏனெனில் அது பழமொழியைத் திரும்பச் சொல்வதாகுமே தவிர விளக்குவதாகாது. களத்திலிருந்து மூன்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்: வேலை பாதி முடிந்து காத்திருக்கிறது, மீதியை முடிக்க நம் கையில் இல்லாத ஒன்று தேவைப்படுகிறது, அது எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது.

முதல் கூறு விட்டுப்போனால் பழமொழியே திரிந்துவிடும். கூட்டத்தில் பிரியாணிப் பொட்டலங்களை அள்ளிக்கொண்டு ஓடுபவனை வைத்து எழுதப்பட்ட ஒரு நாடகத்தில், கிடைக்கும்போதே சுருட்டிக்கொள் என்ற பொருள்தான் வந்தது. தூற்றுகிறவன் அள்ளுவது தான் விளைவித்த நெல்லை. மூன்றாவது கூற்றில் நானே சறுக்கினேன்: ஒன்பது மணிக்கு மின்தடை என்ற அறிவிப்பை முதல் வரைவில் வைத்திருந்தேன்; நேரம் தெரிந்துவிட்டதால் அது கடைசி நாளில் கட்டணம் கட்டுகிறவனின் கதையாகிப் போனது.

திருத்திய வடிவம் இது. பாம்பனில் ஓர் இட்லிக் கடை, அடைமழைக் காலத்து மாலை, முந்தைய இரவிலிருந்து இல்லாத மின்சாரம் அப்போதுதான் வருகிறது.

அம்மா: டேய், கரண்டு வந்துருச்சு. அரிசியும் உளுந்தும் ஊறிக் கெடக்கு, கிரைண்டர்ல போட்டுவிடு.

மகன்: வந்துருச்சுல்லம்மா, எங்க போயிறப் போகுது? சாப்புட்டுட்டுப் போடுறேன்.

அம்மா (வெளியிலிருந்து): போட்டியாடா?

மகன்: ரெண்டே வாய்தாம்மா.

(விளக்கு அணைகிறது. வாசலில் மீனவர் ஒருவர் வந்து நிற்கிறார்.)

வந்தவர்: அக்கா, மழை விட்டுருச்சு, விடியக்காலை தொழிலுக்குப் போறோம். பத்து ஆளுக்கு இட்லி கட்டி வச்சிருங்க.

அம்மா (மகனைப் பார்த்து): ஆட்டுக்கல்லக் கழுவு.

ஊறிய அரிசி களத்துப் பொலியின் இடத்திலும், மின்சாரம் காற்றின் இடத்திலும் நிற்கின்றன. மகன் சாப்பிடுவதற்கும் காரணம் உண்டு. ஒத்திகையில் அவன் கையில் கைப்பேசியைக் கொடுத்திருந்தோம். பழமொழியைச் சொல்லாமல் சமையல்கார அம்மாவுக்கு நடித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்டபோது, “போனு பிள்ளைகளக் கெடுக்குது” என்றார். குற்றம் கைப்பேசியின்மேல் விழுந்துவிட்டது. பசித்தவன் சாப்பிடுவதில் யாரும் குறை காண மாட்டார்கள் என்பதால், அவன் தள்ளிப்போட்டது மட்டும் தனியாகத் தெரிகிறது. அடுத்த முறை அதே அம்மா, “காத்துள்ளப்பவே தூத்திருக்கணும்” என்று தானாகவே சொன்னார். தலைப்பை மறைத்து இப்படி ஒருவரிடம் கேட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனையை நான் அறியேன்.

கடைசியில் ஒரு தாத்தாவையோ ஆசிரியரையோ கொண்டுவந்து அறிவுரை சொல்ல வைக்கும் ஆசை, பெரும்பாலும் இழப்பு மேடையில் கண்ணுக்குத் தெரியாதபோதுதான் எழுகிறது. எங்கள் முதல் வரைவில் விளக்கு அணைந்ததோடு நாடகம் முடிந்தது. அதனால் என்ன கெட்டது என்று பார்ப்பவருக்குத் தெரியாததால் ஒரு பாட்டி வந்து விளக்க வேண்டியிருந்தது. பத்துப் பேருக்கான இட்லியும் ஆட்டுக்கல்லும் வந்த பிறகு பாட்டிக்கு வேலையில்லாமல் போயிற்று. அம்மாவின் கடைசி வரியில் கோபம் கூடாது. திட்டினால் அதுவே உபதேசமாகிவிடும், வேலை ஏவும் குரலே போதும்.

எழுத்தில் உபதேசத்தை நீக்கினாலும் விழாவில் அது வேறு வழியாக நுழைந்துவிடும். “இந்நாடகத்திலிருந்து நாம் அறிவது” என்று தொகுப்பாளர் தொடங்கினால், இரண்டு நிமிட நாடகத்துக்கு ஐந்து நிமிட உரை வந்து சேரும். ஆகவே அவருக்குக் கொடுக்கும் தாளில் இந்நாடகத்தின் தலைப்பை எழுதாமல், அடுத்து வரும் கும்மியாட்டத்தின் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தோம்.