வட்டக் கழுத்தில் லேஸ் தூக்காமல் தைப்பது எப்படி?

என் மகளின் காட்டன் டாப்புக்கு முதன்முதலில் லேஸ் வைத்தபோது, கழுத்தின் உள்விளிம்பிலிருந்து தைக்க ஆரம்பித்தேன். அங்கே அழகாகத்தான் உட்கார்ந்தது. மறு விளிம்பைத் தைக்கும்போது லேஸ் போதவில்லை. இழுத்துத் தைத்தேன், கீழே துணி சுருங்கி, லேஸ் கிண்ணம் மாதிரி தூக்கிக்கொண்டது. முழுவதையும் பிரித்தேன்.

காரணம் கணக்கில் இருக்கிறது. அந்தக் கழுத்து 6 இன்ச் அகலம், அதாவது அடியில் 3 இன்ச் ஆரமுள்ள அரைவட்டம். உள்விளிம்பு சுமார் 9½ இன்ச். லேஸ் 1 இன்ச் அகலம் என்பதால் வெளிவிளிம்பு 4 இன்ச் ஆரத்தில் போகும், அது 12½ இன்ச். 3 இன்ச் வித்தியாசம். லேஸை நீட்டி இதைச் சரிசெய்ய முடியாது, சுருக்கித்தான் முடியும். அதனால் நீளமான பக்கத்தை முதலில் தைக்க வேண்டும்.

கழுத்தை மடித்தோ பைப்பிங் வைத்தோ முடித்துவிடுங்கள். காட்டன் லேஸ் என்றால் முன்பே தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் சுருங்கி இழுக்கும்.

கழுத்து ஓரத்திலிருந்து 1 இன்ச் தள்ளி, அரை இன்ச்சுக்கு ஒரு புள்ளியாக சாக்கில் வைத்து இணைத்துக் கோடு போடுங்கள். அந்தக் கோட்டின் மேல் நூலை வைத்து நீளம் எடுத்து, 2 இன்ச் கூட்டி லேஸ் வெட்டுங்கள். உள்விளிம்பை அளந்து வாங்கினால் பத்தாது.

ஷோல்டர் தையலில் தொடங்கி, லேஸின் வெளிவிளிம்பைக் கோட்டின் மேல் இழுக்காமல் குண்டூசி குத்தித் தையுங்கள். உள்விளிம்பு இப்போது அலை அலையாக நிற்கும். பயப்பட வேண்டாம்.

அப்புறம் கை ஊசியில் ஒற்றை நூல் கோத்து, வளைவு இருக்கும் இடத்தில் மட்டும் உள்விளிம்பில் பொடி ஓடுதையல் போடுங்கள். நூலை மெதுவாக இழுத்தால் அலை அடங்கிப் படுக்கும். சுருக்கத்தை விரலால் சமமாகத் தள்ளிவிட்டு, ஈரத்துணி போட்டு அயர்ன் செய்யுங்கள். அதன் பிறகு உள்விளிம்பில் மெஷின் ஓட்டுங்கள். இந்த அயர்னை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். சுருக்கத்தின் மேல் நேராக ஓட்டினால் பாதம் அதைத் தள்ளி ஒரே இடத்தில் குவித்துவிடும்.

புதிதாகத் தைப்பவர்களுக்கு நான் சொல்வது அரை இன்ச் காட்டன் லேஸ்தான். வித்தியாசம் பாதியாகிவிடும்.

பின்சேர்க்கை: இதைப் படித்த இருவர், ஜரிகை லேஸ் நூலை இழுத்தாலும் சுருங்கவில்லை என்றார்கள். உண்மைதான், அது விறைப்பு. பூவுக்கும் பூவுக்கும் நடுவே உள்விளிம்பில் கால் இன்ச் விழுங்கும் சின்ன மடிப்புகள் வையுங்கள். மேலே சொன்ன கழுத்துக்குப் பன்னிரண்டு மடிப்பு வரும். குர்த்தியின் வளைந்த அடிவிளிம்புக்கும் இதே முறைதான், அங்கே கீழ்விளிம்புதான் நீளம், அதை முதலில் தையுங்கள்.