அசலுக்கு மேல் 30, தள்ளுபடி 25: கணக்கு எங்கே உதைக்கிறது?

ஆடி நெருங்கினால் சின்ன ரெடிமேட் கடைகளில் இப்படி ஒரு கணக்கு ஓடும்: "அசலுக்கு மேல் 30 சதவீதம் வைத்திருக்கிறோம். 25 சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் 5 சதவீதம் நிற்கும்." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஒரு சுடிதார் டாப்பை வைத்துப் போட்டுப் பார்ப்போம்.

டாப்பின் அசல் 400 ரூபாய். அதன் மேல் 30 சதவீதம் என்றால் 120. ஆக, சீட்டில் எழுதும் விலை 520. இப்போது 25 சதவீதம் தள்ளுபடி. இது 400-க்குப் போடும் 25 சதவீதம் இல்லை, 520-க்குப் போடுவது. அதாவது 130 ரூபாய். வாடிக்கையாளர் கொடுப்பது 390. ஐந்து சதவீதம் நிற்கவில்லை, அசலிலேயே 10 ரூபாய் போய்விட்டது. கூட்டம் அதிகமானால் இந்தப் பத்து ரூபாயும் அத்தனை மடங்காகப் போகும்.

முப்பதும் இருபத்தைந்தும் வேறு வேறு தொகையின் மேல் போட்ட சதவீதங்கள். ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கவே முடியாது. அசலின் மேல் ஏற்றி வைப்பது மார்க்அப். விற்ற விலையில் நமக்கென்று மிஞ்சும் பங்கு மார்ஜின். மேலே சொன்ன டாப்பில் லாபம் 120 ரூபாய்தான். ஆனால் 400-ஐ வைத்துப் பார்த்தால் அது 30 சதவீதம், 520-ஐ வைத்துப் பார்த்தால் 23 சதவீதம். தள்ளுபடி 23-ஐத் தாண்டினால் நஷ்டம் என்பது அப்போதே தெரிந்திருக்க வேண்டும்.

வியாபாரத்தில் பழுத்தவர்களுக்கே இது ஏன் குழம்புகிறது? விலை போடும் நேரத்தில் கையில் இருப்பது கொள்முதல் பில். அதில் தெரிவது அசல் மட்டும்தான், விற்பனை விலை இனிமேல்தான் பிறக்கப் போகிறது. அதனால் இயல்பாகவே அசலின் மேல் சதவீதம் போடுகிறோம். பள்ளிக்கூடக் கணக்கிலும் லாப சதவீதத்தை அடக்க விலையை வைத்துத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். விலை போட அந்த வழியில் தவறே இல்லை. ஆனால் கடையைத் திறந்த பிறகு நடப்பதெல்லாம் விற்பனையை ஒட்டித்தான். கல்லாவில் விழுவது விற்பனைத் தொகை. தள்ளுபடியும், கார்டு மெஷினுக்குப் போகும் கமிஷனும் அதன் மேல்தான் போடப்படுகின்றன. காலையில் ஒரு தொகையை வைத்துப் போட்ட சதவீதத்தை, இரவில் வேறொரு தொகையின் மேல் வைத்துப் பார்க்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது.

தள்ளுபடியில் வரும் நஷ்டமாவது சீக்கிரம் கண்ணில் பட்டுவிடும். மாதக் கணக்கில் வருவதுதான் என்னைக் கேட்டால் மோசம், ஏனென்றால் அது சத்தமே போடாது. எல்லாப் பொருளுக்கும் அசலின் மேல் 25 சதவீதம் வைக்கும் கடை ஒன்று, மாத விற்பனை 3 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். முதலாளி மனக்கணக்கில் 3 லட்சத்துக்கு 25 சதவீதம் போட்டு, 75,000 லாபம் என்று எடுத்துக்கொள்கிறார். வாடகை, சம்பளம், கரண்ட் பில் எல்லாம் 66,000. மீதி 9,000 வீட்டுக்கு. சரக்கு எடுக்க 2,25,000 ஒதுக்குகிறார்.

உண்மையில் 3 லட்சத்துக்கு விற்ற சரக்கின் அசல் 2,40,000. லாபம் 60,000, அதாவது விற்பனையில் 20 சதவீதம்தான். செலவு போக 6,000 கையைக் கடித்திருக்கிறது. அதோடு வீட்டுக்கு 9,000 எடுத்திருக்கிறார். இரண்டும் சேர்ந்த 15,000 எங்கிருந்து வந்தது? அலமாரியிலிருந்து. 2,40,000 ரூபாய்ச் சரக்கு வெளியே போய், 2,25,000 ரூபாய்ச் சரக்குதான் உள்ளே வந்திருக்கிறது. ஒரு வருடத்தில் 1,80,000 ரூபாய்ச் சரக்கு கரைந்திருக்கும். இது ஏன் தெரிவதில்லை என்றால், போகாத பழைய சரக்கு அலமாரியை நிரப்பிக்கொண்டு நிற்கும். சரக்கைக் குறையவிடாமல் எடுத்துக்கொண்டே இருந்தால், மொத்த வியாபாரியிடம் பாக்கி அதே அளவுக்கு ஏறும். விற்பனை குறையவில்லை, ஆனாலும் பாக்கி ஏறுகிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்தக் கணக்கைத்தான், அப்புறம்தான் கடைப்பையனை.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வருட ஆரம்பத்தில் இருந்த சரக்கோடு வருடம் முழுக்க வாங்கியதைக் கூட்டி, கடைசியில் இருக்கும் சரக்கைக் கழித்தால் விற்ற சரக்கின் அசல் வரும். இதே கடையில் ஆரம்பத்தில் 8 லட்சம், வாங்கியது 27 லட்சம், கடைசியில் இருப்பது 6,20,000. விற்றதன் அசல் 28,80,000. வருட விற்பனை 36 லட்சம், எனவே லாபம் 7,20,000. அதே 20 சதவீதம்.

இங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. கடைசிச் சரக்கை எண்ணும்போது சீட்டில் இருக்கும் விலையையே கூட்டிவிடுவார்கள், அது சுலபம் என்பதால். 6,20,000 ரூபாய் அசல் சரக்கு அப்போது 7,75,000 ஆகத் தெரியும். லாபம் 8,75,000 என்று வரும், சதவீதம் 24-ஐத் தாண்டும். மனதில் இருந்த 25-க்குப் பக்கத்தில் வந்துவிட்டதே என்று முதலாளி நிம்மதியாகிவிடுவார். தவறை ஊர்ஜிதப்படுத்த இன்னொரு தவறு! சரக்கை அசலில்தான் எண்ண வேண்டும்.

சரி, விலையை எப்படிப் போடுவது? விற்ற விலையில் 25 சதவீதம் நிற்க வேண்டுமென்றால், அசலோடு 25 சதவீதத்தைக் கூட்டக் கூடாது, அசலை 0.75-ஆல் வகுக்க வேண்டும். அசல் 400 என்றால் 533 ரூபாய் சொச்சம். எக்செல் வைத்திருப்பவர்கள் A2-வில் அசலை எழுதி இப்படிப் போடலாம்:

```
=A2/(1-0.25)
```

மனக்கணக்குக்குப் பின்னம்தான் வசதி. அசலில் நாலில் ஒன்று ஏற்றினால் விற்ற விலையில் ஐந்தில் ஒன்று நிற்கும். மூன்றில் ஒன்று ஏற்றினால் நாலில் ஒன்று, பாதி ஏற்றினால் மூன்றில் ஒன்று. கீழே உள்ள எண் ஒன்று கூடுகிறது, அவ்வளவுதான். "நூற்றுக்கு நூறு லாபம்" என்பவருக்கும் விற்ற விலையில் நிற்பது பாதி மட்டுமே.

ஆடித் தள்ளுபடிக்குக் கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். 400 ரூபாய் டாப்பில் 25 சதவீதம் தள்ளியும் 10 சதவீதம் நிற்க வேண்டுமா? முதலில் 400-ஐ 0.90-ஆல் வகுத்தால் 444, இது கைக்கு வர வேண்டிய தொகை. அதை 0.75-ஆல் வகுத்தால் 593. சீட்டில் 595 போடலாம். அந்த விலைக்குத் துணி போகாது என்று தோன்றினால் தள்ளுபடியைக் குறைக்க வேண்டும், வேறு வழியில்லை. அசல் என்பதில் லாரி வாடகையும் சுமைகூலியும் சேர்ந்திருக்க வேண்டும். ஜிஎஸ்டியை அசலிலும் விலையிலும் இரண்டிலும் சேர்த்தோ, இரண்டிலும் விட்டோ பார்க்க வேண்டும். ஒன்றில் சேர்த்து மற்றதில் விட்டால் சதவீதம் பொய்யாகிவிடும்.

விலையை அரசு கட்டுப்படுத்தும் மருந்துகளிலும் இதே கதைதான். 2013-ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்ச விலை போடும்போது சில்லறைக் கடைக்கு 16 சதவீதம் சேர்க்கிறார்கள். அது கடைக்காரர் வாங்கும் விலையின் மேல் போடுவது. 100-க்கு வாங்கி 116-க்கு விற்றால் விற்ற விலையில் நிற்பது 14-க்கும் சற்றுக் குறைவு. பில்லில் 10 சதவீதம் தள்ளுபடி கொடுத்தால் 11 ரூபாய் 60 காசு போய், கையில் நிற்பது 4 ரூபாய் 40 காசு. ஆறு நிற்கும் என்று நினைத்துத்தான் பல கடைகள் போர்டு மாட்டுகின்றன.